திரும்பப் பெறச் சொன்ன குக்கர் உங்கள் அடுப்பில் இருந்தால்

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான் நிறுவனத்துக்கு ஓர் உத்தரவு போட்டது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்கள் 2,265 அதன் தளத்தில் விற்கப்பட்டிருந்தன. வாங்கிய அத்தனை பேருக்கும் தகவல் சொல்ல வேண்டும், குக்கர்களைத் திரும்பப் பெற வேண்டும், பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், அதோடு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது உத்தரவு. அதே மாதம் ஃப்ளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக இதே மாதிரி உத்தரவு வந்தது. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.

அபராதத்தைக் குக்கர் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கு 45 ரூபாய்கூட வரவில்லை. நல்ல கேஸ்கட் ஒன்று வாங்க அது காணாது. உத்தரவின் கனம் அபராதத்தில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் தானாக வீடு தேடி வந்துவிடாது. தகவல் போவது ஆர்டர் போட்டவரின் மின்னஞ்சலுக்கும் செல்போனுக்கும். குக்கர் இருப்பதோ சீர்வரிசையில் வந்த மகள் வீட்டில், அல்லது புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுத்த சிநேகிதி வீட்டில். உத்தரவுக்குப் பிறகும் முத்திரை இல்லாத குக்கரை வேறு பெயரில், வேறு விற்பனையாளர் வழியாக விற்பவர்களும் இல்லாமல் போகவில்லை. அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான். அதற்கான கருவி ஒரு கடிதம்.

முதலில் குக்கரைப் பார்த்துவிடுவோம். 2021 பிப்ரவரி 1 முதல், வீட்டு உபயோகப் பிரஷர் குக்கர் எதுவாக இருந்தாலும் ஐ.எஸ். 2347 என்ற தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும், ஐஎஸ்ஐ முத்திரை தாங்க வேண்டும் என்பது கட்டாயம். காரணம் எளிது. கொதிக்கும் குக்கருக்குள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் சுமார் ஒரு கிலோ எடை அழுத்துகிறது. வெயிட் வழியாக நீராவி வெளியேறும்வரை கவலையில்லை. பருப்பு நுரையோ அரிசிக் கஞ்சியோ அந்தத் துளையை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது சேஃப்டி வால்வு திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். சரியான சூட்டில், சரியான அழுத்தத்தில் அது திறக்கிறதா, மூடியும் கைப்பிடியும் அதுவரை தாங்குகின்றனவா என்பதைத்தான் தரப் பரிசோதனை பார்க்கிறது. கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பளபளப்பான குக்கரும் மட்டமான வால்வும் ஒன்றாகவே வரலாம்.

கண்ணால் பார்க்கக் கூடியது முத்திரை மட்டும். பாத்திரத்திலேயே பொறித்த ஐஎஸ்ஐ அடையாளத்தோடு CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்று தெரியும். எண்ணே இல்லையென்றால் ஒரு வகைக் குறை. எண் இருந்து, அது வேறொரு நிறுவனத்துக்கோ வேறொரு பொருளுக்கோ உரியதாக இருந்தால் அதைவிடப் பெரிய குறை. இரண்டாவது வகையில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். முத்திரையைப் பார்த்ததும் எண்ணைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம்.

இங்கே சட்டம் வாங்கியவர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "குறைபாடு" என்பதற்குத் தரும் விளக்கத்தில், சட்டப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாமல் போவதும் அடங்கும். அதாவது குக்கர் வெடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முத்திரை இல்லாததே குறைபாடு. இன்னொன்று: பில் உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். சீரில் வந்த குக்கருக்கு மகளே புகார் செய்யலாம்.

இனி, எதைக் கேட்பது? இலவசப் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் என்று மூன்று வழிகள் உண்டு. கடிதம் எழுதுகிற பலர் மூன்றையும் ஒரே வரியில் போட்டு, "ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். விற்பவர் தனக்கு மலிவானதை எடுத்துக்கொள்வார். காரைத் திரும்ப அழைக்கும்போது பழுதுபார்ப்பே சரியான தீர்வாக இருக்கலாம். கோளாறான பாகத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டால் வண்டி சரியாகிவிடும். "பாகம் இன்னும் வரவில்லை" என்று சர்வீஸ் சென்டர் இழுத்தடித்தால், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேட்பதே அங்கே கடிதத்தின் வேலை. முத்திரை இல்லாத குக்கரில் கதை வேறு. வால்வையும் கேஸ்கட்டையும் மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் சம்மதிக்கக் கூடாது. முத்திரை போடும் உரிமம் தயாரிக்கும் இடத்துக்குத் தரப்படுவது. ரிப்பேர் கடையில் அதைச் சேர்க்க முடியாது. மாற்றுக் குக்கர் என்றால் செல்லுபடியாகும் உரிம எண்ணோடு வர வேண்டும். எனவே முதல் கோரிக்கை பணம், அதற்கு அடுத்து மட்டுமே மாற்று.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒருவர் எட்டு மாதம் முன்பு ஆன்லைனில் 5 லிட்டர் குக்கரை 1,499 ரூபாய்க்கு வாங்கினார். டெலிவரிக்கு 40 ரூபாய். முத்திரை இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், "ரிட்டர்ன் காலம் பத்து நாள், அது முடிந்துவிட்டது" என்கிறார்கள். அந்தப் பத்து நாள் கணக்கு மனம் மாறித் திருப்பித் தருபவர்களுக்கு. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதே விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலருக்கும் விற்பனையாளருக்கும் சேர்த்தே கடிதம் போக வேண்டும். விற்பனையாளரின் முகவரி பில்லில் இல்லையென்றால், எழுதிக் கேட்டால் தளம் தந்தாக வேண்டும்.

எழுதும் முன் விற்பனைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. புகார் போன மறுநாளே அந்தப் பக்கம் காணாமல் போகும் வாய்ப்பு உண்டு. பில் தொலைந்திருந்தால் ஆர்டர் விவரமும் யுபிஐ அல்லது வங்கிப் பதிவும் போதும். குக்கரின் அடிப்பாகம், கைப்பிடி, மூடியின் உள்புறம் மூன்றையும் படம் எடுக்க வேண்டும். முத்திரை இருக்கக்கூடிய இடமெல்லாம் தெரிய வேண்டும் என்பதற்காக.

மதுரைக்காரரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, தங்கள் தளத்தில், மேற்கண்ட விற்பனையாளரிடமிருந்து, (தேதி) அன்று (ஆர்டர் எண்) மூலம் 5 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றை வாங்கினேன். விலை ரூ.1,499, டெலிவரிக் கட்டணம் ரூ.40. குக்கரில் ஐஎஸ்ஐ முத்திரையோ உரிம எண்ணோ இல்லை, படங்களை இணைத்துள்ளேன். 2021 பிப்ரவரி 1 முதல் இம்முத்திரை கட்டாயம் என்பதால், இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி குறைபாடுள்ள பொருள். இதே குக்கர் (தேதி) அன்றும் தங்கள் தளத்தில் விற்பனைக்கு இருந்தது. அதன் படமும் இணைப்பில் உள்ளது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ.1,539ஐ நான் பணம் செலுத்திய வங்கிக் கணக்கிலேயே திருப்பித் தரவும், தங்கள் செலவில் குக்கரை எடுத்துச் செல்லவும் வேண்டுகிறேன். மாற்றுப் பொருள் தருவதாக இருந்தால் செல்லுபடியாகும் உரிம எண்ணை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாகங்களை மாற்றித் தருவதையோ கூப்பன், வாலட் தொகையையோ தீர்வாக ஏற்க மாட்டேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் பணம், வட்டி, இழப்பீடு, செலவுத்தொகை கோரிப் புகார் செய்வேன்."

இவ்வளவுதான். கோபத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஐந்து லட்சம் இழப்பீடு என்று மிரட்ட வேண்டியதும் இல்லை. அடிபடாமல் தப்பித்தவர் பெரிய தொகை கேட்டால், ஆணையத்தில் வலுவான வழக்கே இலேசாகத் தெரியும். கூப்பன் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூப்பனை ஒருமுறை பயன்படுத்திவிட்டால், விஷயம் சமரசமாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும்.

"நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்றவரைக் கேளுங்கள்" என்று பதில் வரலாம். அமேசான் வழக்கில் ஆணையத்தின் முன் இந்த வாதம் எடுபடவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் வாங்கிவிட்டு, சிக்கல் வந்ததும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்றது ஆணையம். அந்தக் குக்கர்களால் தளத்துக்குக் கிடைத்த கட்டணம் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் என்பதும் உத்தரவில் பதிவானது.

15 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். பிஐஎஸ் கேர் செயலியிலும் புகார் செய்யலாம். முத்திரை இல்லாத சரக்கைச் சோதனையிட்டுக் கைப்பற்றும் அதிகாரம் அமைவனத்துக்கு உண்டு. இவை நெருக்கடி தரும் வழிகள். பணத்தைத் தரச் சொல்லி ஆணையிடுவது மாவட்ட ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். அதன்பிறகு என்றால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஆபத்தான பொருளை விற்பனையிலிருந்தே எடுக்கச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு என்பதால் அதையும் கோரிக்கையில் சேர்க்கலாம்.

அதுவரை குக்கரை அடுப்பில் ஏற்றக் கூடாது. பழைய இரும்புக்குப் போடவும் கூடாது, அதுதான் சாட்சி. ரசீது தராத கூரியர் ஆளிடம் ஒப்படைப்பதும் வேண்டாம். முத்திரை இருந்தும் வால்வு சரியில்லை என்பது போன்ற குறையானால் ஆணையம் பொருளுக்குச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கலாம். மதுரைக்காரருக்குப் பெரும்பாலும் அந்தச் செலவு வராது. ஆய்வகம் என்பது பரிசோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான். முத்திரை இல்லாததைப் பார்க்கக் கண் போதும்.