காப்பி, பேஸ்ட், அன்டூ... அக்கவுன்ட் நம்பரின் கடைசி எண் பூஜ்யமாக மாறுவது ஏன்?

சப்ளையர் ஒருவரின் வங்கி விவரங்கள் மெயிலில் வந்திருக்கின்றன. பெயர், அக்கவுன்ட் நம்பர், ஐ.எஃப்.எஸ்.சி கோடு மூன்றையும் எக்செல் ஷீட்டில் ஏற்ற வேண்டும். ரைட் கிளிக், காப்பி, கீழே போய் எக்செல் ஐகானைத் தேடு, மறுபடி ரைட் கிளிக், பேஸ்ட் என்று மவுஸை உருட்டிக்கொண்டிருந்தால் பத்து சப்ளையரை முடிப்பதற்குள் டீ டைம் வந்துவிடும். கீபோர்டில் செய்தால் சட்டென முடியும். ஆனால், இந்த வேகத்தில்தான் தப்பான எண்ணும் சத்தமில்லாமல் வந்து உட்காரும். பணம் போகப்போவது அந்த எண்ணுக்குத்தான் என்பதால் ஒவ்வொரு ஸ்டெப்பையும் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். முதலில் விண்டோஸ்.

மெயிலில் உள்ள அக்கவுன்ட் நம்பரை மவுஸால் இழுத்து செலக்ட் செய்தால் முதல் எண்ணோ கடைசி எண்ணோ விட்டுப்போகும். அதன் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். இடையில் ஸ்பேஸ் இல்லாத எண் முழுதாக செலக்ட் ஆகிவிடும். பிறகு Ctrl + C. அடுத்து Alt + Tab. இதை ஒருமுறை தட்டிவிட்டு கையை எடுத்தால், இதற்கு முன் பார்த்துக்கொண்டிருந்த விண்டோவுக்குப் போகும். மறுபடி தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பும். மெயிலுக்கும் எக்செலுக்கும் மாறி மாறிப் போக இது போதும். நாலைந்து விண்டோ திறந்திருந்தால் Alt-ஐ விடாமல் பிடித்துக்கொண்டு Tab-ஐ மட்டும் தட்டுங்கள். வேண்டியது வந்ததும் கையை எடுங்கள். தாண்டிப் போய்விட்டால் Shift-ஐயும் சேர்த்துத் தட்டினால் பின்னால் வரும். பிரவுசருக்குள் இருக்கும் டேப்களுக்கு இடையில் மாறுவதற்கு Ctrl + Tab.

இப்போது எக்செலில் Ctrl + V அழுத்துகிறீர்கள். சிக்கல் இங்கேதான். உதாரணத்துக்கு அந்த அக்கவுன்ட் நம்பர் 1234567890123456 என்று வைத்துக்கொள்வோம். செல்லில் 1.23457E+15 என்று ஏதோ தெரியும். மேலே ஃபார்முலா பாரில் பார்த்தால் 1234567890123450 என்று இருக்கும். கடைசி 6 பூஜ்யமாகிவிட்டது! நீங்கள் காப்பி செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் பூஜ்யமாக்கிவிடும். எண் பூஜ்யத்தில் ஆரம்பித்தால் அந்த பூஜ்யமும் காணாமல் போகும். 11 இலக்க நம்பர் வைத்திருக்கும் வங்கி என்றால் இது கண்ணிலேயே படாது. 16 இலக்க வங்கி வந்தால்தான் மாட்டுவோம்.

உடனே Ctrl + Z. பேஸ்ட் செய்தது நீங்கிவிடும். அவசரத்தில் அன்டூவை அதிகம் தட்டிவிட்டால் Ctrl + Y அதைத் திருப்பிக்கொண்டு வரும். இங்கே ஒன்றை கவனிக்க வேண்டும். விண்டோஸ் எக்செலில் ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்கள் திறந்திருந்தால், அன்டூ இரண்டுக்கும் பொதுவானது. இந்த ஷீட்டில் நின்றுகொண்டு Ctrl + Z-ஐ படபடவென்று தட்டினால், அந்த இன்னொரு ஷீட்டில் பத்து நிமிஷத்துக்கு முன்பு செய்த மாற்றமும் அழியலாம். அதனால் ஒவ்வொரு தட்டாகத் தட்டி, திரையில் என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, எண்ணை ஒழுங்காகப் போடுவது எப்படி? அக்கவுன்ட் நம்பருக்கான காலத்தை முழுதாக செலக்ட் செய்து Ctrl + 1 அழுத்துங்கள். வரும் பட்டியலில் Text என்பதைத் தேர்ந்தெடுத்து OK கொடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு மறுபடி Ctrl + V அழுத்துவார்கள். மெயிலிலிருந்து காப்பி ஆகும்போது எழுத்தின் சைஸ், நிறம் எல்லாம் கூடவே வரும். அது நீங்கள் வைத்த Text செட்டிங்கை மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது. அதனால் செல்லில் டபுள் கிளிக் செய்து அல்லது F2 அழுத்தி, கர்சர் உள்ளே மினுக்க ஆரம்பித்ததும் பேஸ்ட் செய்யுங்கள். வெறும் எண் மட்டும் உள்ளே போகும். எண் இடது பக்கம் ஒட்டி நின்றால் சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வலது பக்கம் நின்றால் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டது. செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று தோன்றும். அதை கிளிக் செய்தால் Convert to Number என்று ஆசை காட்டும். தொடாதீர்கள், தொட்டால் கடைசி இலக்கம் மறுபடி போச்சு.

இன்னொரு ஆபத்து கிளிப்போர்டில் இருக்கிறது. காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடம் அது. சாதாரணமாக அதில் ஒரு விஷயம்தான் நிற்கும். அக்கவுன்ட் நம்பரை காப்பி செய்துவிட்டு, நடுவில் சாட்டில் யாரோ கேட்ட லிங்க்கை காப்பி செய்தீர்கள் என்றால் நம்பர் போய்விட்டது. கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது. அன்டூவும் இதற்கு உதவாது, காரணம் Ctrl + Z ஃபைலில் செய்த மாற்றத்தைத்தான் திருப்பும், கிளிப்போர்டை அல்ல.

இதற்கு விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த வசதிதான் Win + V. முதல் முறை அழுத்தும்போது Turn on என்று கேட்கும், கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு காப்பி செய்பவை வரிசையாக நிற்கும், 25 வரை. பெயர், நம்பர், கோடு மூன்றையும் மெயிலிலேயே அடுத்தடுத்து காப்பி செய்துவிட்டு, எக்செலுக்கு ஒரே ஒருமுறை வந்து Win + V மூலம் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். ஆனால் நீங்கள் காப்பி செய்யும் பாஸ்வேர்டும் இதே வரிசையில் வந்து நிற்கலாம். ஆபீஸில் ஒரே லாகினைப் பலர் பயன்படுத்தினால், கிளம்பும் முன் Clear all கொடுத்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் அழிந்துவிடும், பின் செய்து வைத்தவை மட்டும் தங்கும்.

புது வேலையில் மேக்புக் கொடுத்துவிட்டார்களா? முதல் வாரம் விரல் தடுமாறும். Control + C அழுத்தினால் பெரும்பாலான ஆப்களில் காப்பி ஆகாது. அங்கே ஸ்பேஸ் பாரை ஒட்டியுள்ள Command கீதான் எல்லாவற்றுக்கும்: Command + C, Command + V, Command + Z. திருப்பிக் கொண்டுவர Command + Shift + Z. (Z, X, C, V வரிசையாக இருப்பதால் இவற்றைத் தேர்ந்தெடுத்தது ஆப்பிள்தான், 1983-இல் வந்த லிசா கம்ப்யூட்டரிலேயே இவை உண்டு. விண்டோஸ் பின்னால் எடுத்துக்கொண்டது.)

அதிகம் குழப்புவது Command + Tab. பார்க்க Alt + Tab மாதிரியே இருக்கும், ஆனால் இது ஆப்களுக்கு இடையில் மட்டுமே மாறும். எக்செலில் மூன்று ஃபைல்கள் திறந்திருந்தாலும் பட்டியலில் ஒரே ஒரு எக்செல் ஐகான்தான் இருக்கும். ஒரே ஆப்பின் ஃபைல்களுக்கு இடையில் மாற Command + ` அழுத்த வேண்டும். பெரும்பாலான கீபோர்டுகளில் Tab-க்கு நேர் மேலே உள்ள கீ அது. மினிமைஸ் செய்து வைத்த விண்டோ Command + Tab-க்கு எழுந்து வராது. அந்த ஐகானில் நிற்கும்போது Option-ஐயும் அழுத்திப் பிடித்து, பிறகு Command-ஐ விட்டால் வரும். கிளிப்போர்டு வரிசை மேக்கில் 2025-இல் வந்த macOS 26-இல்தான் சேர்ந்தது: Command + Space, பிறகு Command + 4. பழைய வெர்ஷன் என்றால் இதற்குத் தனி ஆப் போட வேண்டும்.

ஷீட்டை மெயிலில் அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால் Ctrl + Z கை கொடுக்காது. ஜிமெயிலில் Undo என்ற பட்டன் கீழே 5 நொடி மட்டும் நிற்கும். செட்டிங்ஸில் Undo Send என்ற இடத்தில் அதை 30 நொடி வரை நீட்டிக்கலாம்.