கடைசியில் வந்தவருக்கே முதல் மரியாதை

1992-இல் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ வெளிவந்ததுமே சில ரசிகர்கள் அதன் ஃபைல்களைக் குடைய ஆரம்பித்துவிட்டார்கள். கையேடு எதுவும் கிடையாது. எந்த இடத்தில் எந்தச் சுவர் ஒளிந்திருக்கிறது என்று தாங்களே தடவிக் கண்டுபிடித்துப் படங்களையும் மேப்களையும் மாற்றினார்கள். ஒரு தொல்லை மட்டும் இருந்தது. மூல ஃபைலின் மேலேயே எழுதியதால் பழைய ஆட்டம் போயே போய்விடும். அது திரும்ப வேண்டுமென்றால் பத்திரப்படுத்திய பிரதி இருக்க வேண்டும், அல்லது மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

அந்த கேமின் எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக் இதைப் பார்த்துக் கோபப்படவில்லை. ‘ஐடி சாஃப்ட்வேர்’ நிறுவனத்தின் அடுத்த கேமான ‘டூம்’, 1993 டிசம்பர் 10-ஆம் தேதி வந்தபோது, குடைபவர்களுக்கான கதவு அதிலேயே திறந்து வைக்கப்பட்டிருந்தது. இன்று மோட் என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருகிற பல பழக்கங்களுக்கு அந்தக் கதவு ஒரு முக்கியத் தொடக்கம்.

அவர் செய்தது இதுதான். சுவர்ப் படம், சத்தம், அரக்கர்களின் உருவம், மேப் எல்லாமே நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு WAD என்ற ஒரே ஃபைலுக்குள் போயின. அந்த ஃபைலில் ஒரு பெயர்ப் பட்டியல் உண்டு. அதன் ஒவ்வொரு வரியும் 16 பைட்: பொருள் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எட்டு எழுத்துக்குள் அதன் பெயர் என்ன. முதல் மேப்பின் பெயர் E1M1. கேமோடு வரும் மூல ஃபைல் IWAD. ரசிகர் செய்வது PWAD. இரண்டாவதை கேமிடம் கொடுக்கும்போது மூல ஃபைலை யாரும் தொடுவதில்லை. அதன் பட்டியல் ஏற்கெனவே உள்ள பட்டியலின் வாலில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அப்படியானால் பட்டியலில் E1M1 என்று இரண்டு இருக்குமே, கேம் எதை எடுக்கும்? அது பட்டியலைக் கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடுகிறது. அதனால் கடைசியாக வந்த ரசிகரின் மேப்தான் முதலில் கண்ணில் படும். தேடும் திசையைத் திருப்பியது நிரலில் மிகச் சிறிய வேலை. மோட் ஏற்பாடு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. ஃபைலைக் கொடுக்காமல் ஆட்டத்தைத் தொடங்கினால் பழைய டூம் அப்படியே இருக்கும். இரண்டு மோட்கள் ஒரே பெயருக்குப் போட்டி போட்டால் பின்னால் வந்தது ஜெயிக்கும். மோட்களை எந்த வரிசையில் ஏற்றுவது என்று இன்றைய வீரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே சங்கதிதான்.

ஒரு சின்ன அறை கட்டிப் பார்த்தால் எடிட்டரின் வேலை புரியும். முதலில் நான்கு புள்ளிகள், அவற்றை இணைக்கும் நான்கு கோடுகள். கோட்டுக்குத் திசை உண்டு. அதன் வலப்பக்கம்தான் முகப்பு. ஆகவே கடிகாரம் சுற்றும் திசையில் வரைந்தால் சுவரின் முகம் அறைக்குள் பார்க்கும். அடைபட்ட பகுதிக்குத் தரை உயரம் 0, கூரை உயரம் 128, வெளிச்சம் 160 என்று குறிக்க வேண்டும். பிறகு வீரர் நிற்கும் இடம். அதன் எண் 1. நெருப்பு உருண்டை வீசும் ‘இம்ப்’ வேண்டுமானால் 3001. ஒரு சுவரில் 11 என்ற செயலைப் பொருத்தினால் அதுவே வெளியேறும் சுவிட்ச். வீரரின் உயரம் 56. அவரால் ஏற முடிந்த படியின் உயரம் 24; அதை 25 ஆக்கினால் அவர் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பார்.

இது முடிந்தாலும் கேம் அறையை ஏற்றுக்கொள்ளாது. 1993-இன் கணினிகள் வேகமாக வரைய வேண்டும் என்பதற்காக, மேப்பை முன்கூட்டியே துண்டுகளாக வெட்டி, எது முன்னால் எது பின்னால் என்று கணக்கிட்டு வைக்கும் ‘நோட் பில்டர்’ என்ற கருவி ஓட வேண்டும். கோடுகளை நகர்த்தினால் அதையும் மறுபடி ஓட்டியாக வேண்டும். அதன் பிறகே இந்தக் கட்டளை:

```
doom -file arai.wad -warp 1 1
```

நிறுவனம் தன் எடிட்டரை ரசிகர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர்களுடைய எடிட்டர் ‘நெக்ஸ்ட்’ கணினிகளில் ஓடியது. விளையாடியவர்கள் வைத்திருந்ததோ டாஸ் கணினி. ஃபைல் அமைப்பு தெளிவாக இருந்ததால் ரசிகர்களே எடிட்டர் எழுதிவிட்டார்கள். பிரெண்டன் வைபர், ரஃபாயேல் கினே ஆகியோரின் DEU, 1994-இன் தொடக்கத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. அழகான எடிட்டரைக் கொடுத்துவிட்டு ஃபைல் அமைப்பை மூடி வைக்கும் நிறுவனங்களைவிட, இதுவே நல்ல பேரம் என்று சொல்லத் தோன்றுகிறது.

கோளாறுகளுக்கும் குறைவில்லை. சுவருக்குப் படம் வைக்க மறந்தால் அந்த இடத்தில் எதுவும் வரையப்படாது. முந்தைய காட்சியின் எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேங்கி, எதிரெதிர்க் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்பதுபோல் மினுங்கும். இதைப் பார்த்தவுடனே பிடித்துவிடலாம். இன்னொன்று அப்படியல்ல. ஒரே பார்வையில் தெரியும் தரை, கூரைப் பரப்புகள் உயரத்தாலோ படத்தாலோ வெளிச்சத்தாலோ வேறுபட்டால், பழைய எஞ்சின் அவற்றைத் தனித்தனியாக எண்ணும். எண்ணிக்கை 128-ஐத் தாண்டினால் `no more visplanes` என்ற செய்தியோடு ஆட்டம் நின்றுவிடும். அறையின் நடுவில் நிற்கும்போது ஒன்றும் நடக்காது. ஜன்னல் ஓரம் போய்த் திரும்பினால் மட்டும் விழும். ஒவ்வொரு மூலைக்கும் நடந்து பார்ப்பதைத் தவிர அன்று வேறு வழி இல்லை.

மேப்பை முடிக்க முடியுமா என்பதையும் டூம் சோதிக்காது. சாவி இல்லாத கதவை வைத்தாலும் சரி என்று திறந்து காட்டும். 2015-இல் நின்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ இதற்கு ஒரு நிபந்தனை போட்டது: செய்தவரே ஒருமுறை விளையாடி ஜெயித்த பிறகுதான் லெவலை மற்றவர்களுக்கு அனுப்பலாம். மேப் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது, முடியக்கூடியது என்று மட்டும் உறுதி செய்யும். கொடுமையான லெவல்கள் அங்கேயும் ஏராளம்.

டூமின் கதவும் முழுக்கத் திறந்ததல்ல. அரக்கனின் உயிர் எவ்வளவு, துப்பாக்கி எத்தனை வேகத்தில் சுடும் என்பதெல்லாம் WAD-க்குள் வராமல் நிரலுக்குள்ளேயே தங்கிவிட்டன. அவற்றை மாற்ற, நிரல் ஃபைலையே திருத்தும் ‘டீஹேக்எட்’ என்ற கருவியை ரசிகர்கள் நாடினார்கள்; வுல்ஃபென்ஸ்டைன் காலத்துப் பழைய தொல்லை அந்த மூலையில் மட்டும் தொடர்ந்தது. எதைத் தரவாக வெளியே எடுத்து வைக்கிறார்களோ அதுதான் ரசிகர் கையில் சுலபமாகச் சிக்கும்.

வியாபாரத்தையும் நிறுவனம் மறக்கவில்லை. முதல் பகுதி இலவசம், மீதிக்குக் காசு என்பது டூமின் ஏற்பாடு. இலவசப் பதிப்பில் PWAD-ஐ ஏற்ற முயன்றால், `You cannot -file with the shareware version. Register!` என்று கேம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். ரசிகர்கள் இலவசமாகச் செய்து தந்த ஒவ்வொரு மேப்பும் ஒரிஜினலை வாங்க ஒரு காரணமாயிற்று. நல்ல மேப் செய்தவர்களை நிறுவனமும் கவனித்தது. 1996-இல் கடைக்கு வந்த ‘ஃபைனல் டூம்’ தொகுப்பின் இரண்டு பாகங்களில் ஒன்று ‘டீம்டிஎன்டி’ என்ற ரசிகர் குழுவுடையது. மற்றொன்றைச் செய்த காசாலி சகோதரர்களும் அதே வட்டத்திலிருந்து வந்தவர்கள்தான்.

டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரோமெரோ, 2019-இல் ‘சிஜில்’ என்ற ஒன்பது மேப்களை இலவசமாக வெளியிட்டார். அதுவும் ஒரு PWAD-தான். விளையாட ஒரிஜினல் டூம் கையில் இருக்க வேண்டும். புதிய எஞ்சின்களில் அது ஐந்தாம் பகுதியாக வந்து சேர்ந்துகொள்கிறது. ஐந்தாம் பகுதி என்ற ஒன்றையே அறியாத எஞ்சின்களுக்காக அவர் இன்னொரு ஃபைலும் தந்தார். அதில் மேப்களின் பெயர்கள் E3 என்று தொடங்கும். மூன்றாம் பகுதிக்குப் போனால் சிஜில் திறக்கும்.