தேர்வுக் கட்டுரைகளில் ஒற்றுப்பிழை: வகுப்புக்கான பொதுப் பின்னூட்டக் குறிப்பும் அதன் வகைப்பாடும்

முன்னுரை

தேர்வுக் கட்டுரைகளைத் திருத்திய பின் பரவலாகக் காணப்பட்ட பிழைகளைத் தொகுத்து வகுப்பு முழுமைக்கும் ஒரே குறிப்பாக வழங்குவது ஆசிரியர் வழக்கம். அக்குறிப்பில் பெரும்பாலும் இடம்பெறும் தொடர் 'ஒற்றுப்பிழைகள் மிகுதி' என்பதாகும். இத்தொடர் பிழையைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கவும் கூடும் என்பதைத் தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டைப் பொருளாகக் கொண்ட மாதிரித் தொடர்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

எதிரெதிரான இரு பிழைகள்

'தென்பெண்ணையை கடந்து' என்று எழுதும் மாணவர், இரண்டாம் வேற்றுமை விரியில் மிகவேண்டிய ககர ஒற்றை விடுகிறார். 'ஆலைக்கு வந்தக் கரும்பு' என்று எழுதுபவரோ மிகாத இடத்தில் ஒற்றை இடுகிறார். இருவரும் 'ஒற்றுப்பிழைகள் மிகுதி' என்னும் ஒரே குறிப்பைப் படித்தால், முன்னவர் பயன்பெறலாம். பின்னவர் மேலும் பல இடங்களில் ஒற்றை இடத் தொடங்குவார்.

இரண்டாம் பிழை கவனக்குறைவால் நேர்வதன்று. 'அந்தக் கரும்பு', 'இந்தக் கரும்பு' என்பவற்றில் வல்லினம் மிகும். 'வந்த' என்பதும் அதே ஒலியில் முடிவதால் மாணவர் அவ்விதியை அதன்மேலும் ஏற்றுகிறார். எஸ். பிட் கார்டர் 1967இல் பிரித்துக் காட்டியவாறு, இது தற்செயல் வழு அன்று. கற்பவரின் உள்ளத்தில் உருவான விதியின் வெளிப்பாடு. ஆகவே திருத்த வடிவத்துடன் வேறுபடுத்தும் சோதனையையும் குறிப்பு தரவேண்டும்: 'கரும்பு வந்தது' என மாற்ற முடிவதால் 'வந்த' பெயரெச்சம், அங்கு ஒற்று மிகாது; 'அந்த' என்பதை அவ்வாறு வினைமுற்றாக்க இயலாது, அது சுட்டு, அங்கு ஒற்று மிகும்.

பிழையெனக் கொள்ளலாகாதவை

ஊர்ப்பெயரே மூன்றாவது வகைக்குச் சான்றாகிறது. துறை, பட்டு ஆகியவற்றிற்கிடையே பகர ஒற்று மிகுவதால் 'மூங்கில்துறைபட்டு' என்பது பிழை. ஆனால் மூங்கில், துறை ஆகியவை வேற்றுமைப் பொருளில் புணர்கையில் இலக்கண நூல் விதிப்படி லகரம் றகரமாகத் திரிய வேண்டியிருந்தும், வழங்குபெயரில் அது இயல்பாகவே நிற்கிறது. இதனைப் பிழைப்பட்டியலில் சேர்த்தலாகாது.

எண்ணும் முறை

பிழை நிகழ்ந்த தடவைகளை எண்ணாமல், அப்பிழை காணப்பட்ட விடைத்தாள்களை எண்ணுதல் வேண்டும். 40 தாள்களில் ஒரு பிழை 4 தாள்களில் மட்டும் 30 முறையும், மற்றொன்று 15 தாள்களில் 18 முறையும் வருவதாகக் கொள்வோம். வகுப்புக் குறிப்பில் முதலிடம் பெறவேண்டியது பின்னதே. முன்னது அந்நால்வரிடம் தனியே பேசவேண்டியது.

முடிவுரை

பொதுக்குறிப்பைப் படிக்கும் மாணவர் அதிலுள்ள பிழைகளுள் தம்முடையது எதுவென்று அறியார். குறிப்பில் ஒவ்வொரு பிழைவகைக்கும் ஓர் எண் தந்து, விடைத்தாளின் ஓரத்தில் அவ்வெண்ணை மட்டும் எழுதினால் இக்குறை நீங்கும். விடுபட்ட ஒற்றுக்கும் மிகையான ஒற்றுக்கும் வெவ்வேறு எண்கள் அமைதல் இன்றியமையாதது.