உள்ளே இருப்பவரிடம் கேட்பது எப்படி?

புதிதாக ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு கோல் எடுத்து, "ஆள் எப்படி, காசு ஒழுங்காகத் தருவாரா?" என்று விசாரிக்கிறோம். பிள்ளையை ஒரு கம்பனியில் சேர்க்கும்போது மட்டும் பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுத்து விடுகிறோம்.

என் தங்கையின் மகன் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து, கணக்காளர் படிப்புக்குப் பயிற்சி இடம் தேடினான். கொழும்பில் ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் அவனுடைய கல்லூரியின் பழைய மாணவர்கள் சிலர் இருந்தனர். பதினொரு பேருக்கு, "வேலை வாய்ப்பு இருந்தால் சொல்லவும்" என்று ஒரே கடிதத்தைச் சுயவிபரக் கோவையுடன் அனுப்பினான். ஒருவரும் பதில் போடவில்லை. போடவும் மாட்டார்கள். முன்பின் தெரியாத பையனுக்காகத் தன் மேலதிகாரியிடம் போய் நிற்க யாருக்கு மனம் வரும்?

பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். நான்கு பேரை மட்டும் தெரிவு செய்தோம். இரண்டு பேர் அங்கே பயிற்சியில் இருப்பவர்கள், மற்ற இருவர் விலகிப் போனவர்கள். விலகியவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. மார்ச் 31இல் பல கம்பனிகளின் கணக்காண்டு முடிவதால் அடுத்த சில மாதங்கள் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அது தணியும் வரை பொறுத்திருந்து, அலுவலக முகவரியைத் தவிர்த்து, தனிப்பட்ட முறையில் அனுப்பினான். ஆங்கிலத்தில் போனதன் கருத்து இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. நான் நம் கல்லூரியின் பழைய மாணவன், உங்களுக்கு ஆறு வருடம் பின்னால் படித்தவன். வேலை கேட்டு எழுதவில்லை. உங்கள் நிறுவனத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முன் இரண்டு விடயம் அறிய விரும்புகிறேன். மூன்று வருடத்தில் ஒரு பயிற்சியாளர் எவ்வகையான கணக்குகளைப் பார்க்கிறார்? பரீட்சைக்கு முன் லீவு உண்மையில் கிடைக்கிறதா? பத்து நிமிடம் பேச முடிந்தால் உங்களுக்கு வசதியான நேரத்தில் அழைக்கிறேன். நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும்."

"அங்கே நல்லதா?" என்று கேட்டிருந்தால் "நல்லது" என்ற ஒரு சொல்தான் வந்திருக்கும். பேசக் கேட்டதற்கும் காரணம் உண்டு. தன் கம்பனியின் குறையை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள்.

இரண்டு பேர் பேசினார்கள். உள்ளே இருப்பவர், பெயரும் பழக்கமும் வேறெங்கும் கிடைக்காது, லீவும் தருகிறார்கள் என்றார். விலகியவர், "என்னை வங்கிக் கணக்குகளிலேயே வைத்திருந்தார்கள். கடைக் கணக்கும் வரி வேலையும் நான் தொடவே இல்லை. நீ பிறகு என்ன செய்யப் போகிறாய்?" என்று திருப்பிக் கேட்டார்.

இரண்டுமே உண்மைதான். ஆனால் மருமகன் கடைசியில் வாப்பாவின் ஹார்ட்வெயார் வியாபாரத்தைப் பார்க்க வேண்டியவன். கடை, ஆலை, வரி எல்லாம் ஒரே ஆளின் கையில் வரும் நடுத்தர நிறுவனமொன்றில் சேர்ந்தான். மச்சானுக்கு அந்தப் பெரிய பெயரை விட மனமில்லை, ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சேர்ந்த அன்றே பையன் அந்த இருவருக்கும் செய்தி அனுப்பினான். யார் என்ன சொன்னார் என்பதை நேர்முகப் பரீட்சையில் அவன் வாய் திறக்கவில்லை.