ரசீது எண்ணும் தேதியும் இல்லாத ஒரு புகார்

கூரியர் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

“ஐயா, போன வாரம் என் மகளுக்கு உங்கள் கூரியரில் ஒரு பார்சல் போட்டேன். சேலையும் பலகாரமும் வைத்திருந்தேன். இன்னும் அவள் கைக்கு வரவில்லை. உங்கள் ஆபீசில் கேட்டால் டெலிவரி ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு என் பணம் வேண்டும்.”

அடியில் ஒரு கையெழுத்து, ஒரு செல் நம்பர். கடிதத்தில் தேதி இல்லை. எந்த ஊரில் போட்டார், எந்த ஊருக்குப் போட்டார் என்பதும் இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பெரும்பாலும் போகும் பதில் ஒரே வரிதான்: “தங்கள் ஆர்டர் எண்ணையும் தேதியையும் அனுப்பவும்.” அந்த அம்மாவால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஆர்டர் எண் என்பது ஆன்லைனில் பொருள் வாங்கும்போது விற்பவர் கொடுப்பது. இவர் எதையும் வாங்கவில்லை. கடைக்குப் போய்ப் பார்சல் போட்டிருக்கிறார். அவரிடம் இருக்கக்கூடியது, கூரியர் ரசீதில் பட்டைக்கோட்டுக்குக் கீழே அச்சாகியிருக்கும் எண். கன்சைன்மென்ட் நம்பர், டாக்கெட் நம்பர், டிராக்கிங் நம்பர் என்று கம்பெனிக்குக் கம்பெனி அதன் பெயர் மாறும். பார்சல் எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குப் போனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்பதெல்லாம் இந்த எண்ணின் கீழ்தான் பதிவாகின்றன.

திருப்பிக் கேட்பதற்கு முன் கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதியவர் பார்சலை அனுப்பியவர், பெறுபவர் அல்ல. ஆகவே கம்பெனியின் நேரடி வாடிக்கையாளர் அவர்தான். விற்பனையாளரிடம் கேளுங்கள் என்று தட்டிக்கழிக்க இதில் இடமில்லை. அடுத்தது அதைவிட முக்கியம். ஆபீசில் “டெலிவரி ஆகிவிட்டது” என்று சொல்லியிருக்கிறார்கள். எண்ணையோ செல் நம்பரையோ தட்டிப் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஆக, அந்தப் பார்சல் ஏற்கெனவே ஒருமுறை கணினியில் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பிரச்சினையும் தாமதம் இல்லை. பார்சல் வேறு யார் கைக்கோ போயிருக்கலாம், அல்லது வீட்டுக்குப் போகாமலே டெலிவரி என்று பதிந்திருக்கலாம். விசாரணை தொடங்க வேண்டிய இடம் டெலிவரி செய்த கிளை.

கடிதத்தில் இருக்கும் செல் நம்பரை வைத்து ஊழியரே முதலில் தேடிப் பார்க்கலாம். பார்சல் போடும்போது கொடுத்த நம்பரும் அதுவாக இருந்தால் பதிவு கிடைத்துவிடும். கிடைத்தாலும் அதை அப்படியே வாடிக்கையாளரிடம் வாசித்துக் காட்டக் கூடாது. மகளின் முகவரி அதில் இருக்கும். கடிதம் எழுதியவர் உண்மையில் அனுப்பியவர்தானா என்று இன்னும் உறுதியாகவில்லை. “எந்த பின்கோடுக்கு அனுப்பினீர்கள்?” என்று கேட்டு, அவர் சொல்லும் ஆறு இலக்கம் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே சரி.

தேடியும் கிடைக்கவில்லை என்றால்தான் எண் கேட்க வேண்டும். எங்கே தேடினால் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசீது தொலைந்திருக்கும், அல்லது வெப்பத்தில் அச்சாகும் மெல்லிய தாளாக இருந்து எழுத்து மங்கியிருக்கும். பார்சல் போட்ட அன்று செல்லுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கலாம். “போட்டுவிட்டேன்” என்று மகளுக்கு ரசீதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நம் ஊரில் பல அம்மாக்கள் செய்வது அது. அந்தப் படத்தில் எண்ணும் இருக்கும், அனுப்பிய நாளும் தெரியும்.

தேதி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. “போன வாரம்” என்று எழுதியவரிடம் “எந்தத் தேதி?” என்று கேட்டால், ஊகித்து ஒன்றைச் சொல்வார். ஊகமாகச் சொன்ன தேதி, தேதியே இல்லாததைவிட மோசம். அந்த ஒரு நாளின் பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டு “அப்படி எதுவும் இல்லை” என்று கோப்பை மூடிவிடுவார்கள். “பணத்தை எப்படிக் கட்டினீர்கள்?” என்று கேட்பது பலன் தரும். யூபிஐயில் கட்டியிருந்தால் செல்லிலேயே நாளும் நேரமும் தொகையும் இருக்கும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால், எந்தக் கிழமை, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேட்கலாம். “வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது போட்டேன்” என்பது போதும். போட்ட கிளை தெரிந்து, இரண்டு மூன்று நாள் வரம்பும் தெரிந்தால், அந்தக் கிளையின் பதிவில் அந்தப் பின்கோடுக்குப் போன பார்சல்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. “என் பணம்” என்றால் எந்தப் பணம்? கூரியர் கட்டணமா, சேலையின் விலையா? பொருளின் விலை என்றால், பார்சல் போடும்போது மதிப்பு குறித்தார்களா, காப்பீடு எடுத்தார்களா என்பதைப் பார்க்க வேண்டும். மதிப்பு குறிக்காத பார்சலுக்கு இவ்வளவுதான் பொறுப்பு என்று ரசீதின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இதைக் கடைசியில் சொல்லி அவரை ஏமாற வைப்பதைவிட முதல் பதிலிலேயே கேட்டுவிடுவது நேர்மை.

இவை எல்லாமே ஒரே கடிதத்தில் போக வேண்டும். இன்றைக்கு எண், இரண்டு நாள் கழித்து தேதி, பிறகு பின்கோடு என்று துண்டு துண்டாகக் கேட்டால் ஒரு வாரம் ஓடிவிடும், பலகாரமும் கெட்டுவிடும். பதில் இப்படி இருக்கலாம்:

“அம்மா, வணக்கம். உங்கள் பார்சல் மகளிடம் சேரவில்லை என்ற கடிதம் மார்ச் 14 அன்று எங்களுக்குக் கிடைத்தது. உங்கள் புகார் எண்ணை மேலே குறித்திருக்கிறோம். டெலிவரி ஆனதாகச் சொல்லப்பட்டதால், யார் வாங்கினார் என்று விசாரிக்கப் போகிறோம். கூரியர் ரசீதில் பட்டைக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை அனுப்புங்கள். ரசீது இல்லையென்றால் செல்லில் வந்த குறுஞ்செய்தியையோ, ரசீதைப் படம் பிடித்திருந்தால் அந்தப் படத்தையோ அனுப்பலாம். எதுவும் கிடைக்காவிட்டால், எந்த ஊரில் எந்தக் கிளையில் போட்டீர்கள், எந்தக் கிழமை, அப்போது கொடுத்த செல் நம்பர், மகள் இருக்கும் இடத்தின் பின்கோடு ஆகியவற்றைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலோ குடியிருப்பின் காவலாளியிடமோ பார்சல் இருக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். கூரியர் கட்டணத்தைக் கேட்கிறீர்களா, பொருளின் விலையைக் கேட்கிறீர்களா என்றும் எழுதுங்கள். ஓடிபி, வங்கிக் கணக்கின் கடவுச்சொல், யூபிஐ பின் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. பார்சல் வராத கவலையில் இருப்பவர்களைத்தான், ஐந்து ரூபாய் கட்டினால் பார்சல் வரும் என்று லிங்க் அனுப்பி ஏமாற்றுகிறார்கள். கூரியர் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று யாராவது அந்த எண்களைக் கேட்டால், அவர் மோசடிக்காரர்தான்.

எண் வந்ததும் சில சமயம் வேறொன்று தெரியவரும். E என்ற எழுத்தில் தொடங்கி, IN என்று முடியும் 13 எழுத்துகள் கொண்ட எண்ணாக அது இருந்தால், அது அஞ்சல் துறையின் ஸ்பீடு போஸ்ட். அவரைத் தபால் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

தேதிக்குச் சட்டத்திலும் இடமுண்டு. சாலை வழியாகச் சரக்கு கொண்டு செல்வது பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூரியர் நிறுவனங்களையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பார்சல் தொலைந்ததற்கோ சேதமானதற்கோ அந்தச் சட்டத்தின்படி வழக்குப் போட வேண்டுமானால், பார்சல் போட்ட நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். வாடிக்கையாளர் கடிதத்தில் தேதி போடாததால், அது வந்து சேர்ந்த நாளைக் கம்பெனி தன் பதிலில் எழுதுவது அவருக்கு ஒரு சான்று. கடிதம் தபாலில் வந்திருந்தால் உறையைத் தூக்கிப் போடாமல் கோப்போடு சேர்த்து வைக்க வேண்டும். அஞ்சல் முத்திரையில் நாள் இருக்கும்.