குரலில் குழைவு, எழுத்தில் ‘ம்’

“சாப்டியா செல்லம்?” என்று வாய்ஸ் நோட்டில் குழைகிறவர், எழுத்தில் “ம்”, “சரி” என்று முடித்துக்கொள்கிறார். எதை நம்புவது?

ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி குழுவினரின் 2005 ஆய்வில், சொன்னது கிண்டலா நிஜமா என்பதைக் குரலில் கேட்டவர்கள் முக்கால்வாசி சரியாகக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களுக்குக் கிட்டத்தட்ட பூவா தலையாதான். எழுதியவர்களோ பெரும்பாலும் புரிந்துவிடும் என்றே நம்பினார்கள். தட்டும்போது தன் தொனி தன் மனசுக்குள் கேட்கிறது. படிப்பவரிடம் அது போய்ச் சேர்வதில்லை.

அதனால் வறண்ட எழுத்தை மட்டும் வைத்து அன்பை அளக்காதீர்கள். அம்மாவுக்கும் அவர் அப்படித்தான் எழுதுகிறாரா, பாருங்கள். நீளமாக எழுதிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சுருங்கினால் மட்டும் கேளுங்கள்.

குரலும் ஏமாற்றும். “ஞாயிறு வர்றியா?” என்ற கேள்விக்கு மூன்று நிமிடம் கொஞ்சிவிட்டு வருவதைப் பற்றிப் பேச்சே எடுக்காவிட்டால், நழுவுகிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.