பத்து ஆணியும் ஒரு நூலும்

(தொடர் – 7)

முத்தியால்பேட்டையில் மாலை நேரத்தில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. “எட்டேழு எவ்வளவும்மா?” என்றால் கண்ணை மூடிக்கொண்டு “ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு” என்று தொடங்குவாள். நடுவில் யாராவது தும்மினால் போதும், மறுபடி ஓரேழுதான். அன்று அவள் வந்து சேர்ந்த விடை 54.

இதற்குப் பழைய திண்ணைப் பள்ளிகளைத் திட்டுவது நம் வழக்கம். ஆனால் செயின்ட் லூயி வீதி பிரெஞ்சு நிறுவனத்தில் எண்சுவடிகளை ஆராய்ந்த செந்தில் பாபு வேறு விதமாகச் சொல்கிறார். திண்ணையில் மனப்பாடம் என்பது பொருள் புரியாத ஒப்பித்தல் அல்ல, நினைவே அங்கே கற்கும் வழியாக இருந்தது என்பது அவர் வாதம். எனக்கும் மனப்பாடத்தோடு பகை இல்லை. அது முதலில் வருவதுதான் தொல்லை.

அதனால் மனப்பாடத்துக்கு முன்னால், ஒரு பலகையில் வட்டம் போட்டுச் சம இடைவெளியில் பத்து ஆணி அடித்தோம். ஆணிகளுக்கு 0 முதல் 9 வரை எண். வால்டோர்ஃப் பள்ளிகளில் புழங்கும் பலகைதான். பூஜ்யத்தில் நூலைக் கட்டி ஏழு ஏழாகத் தாண்டி எண்ண வேண்டும். வரும் எண்ணின் ஒன்றாம் இடத்துக்கு மட்டும் நூல் போகும்: 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. பத்து ஆணியையும் தொட்டு ஒரு நட்சத்திரம் விழுந்தது. பிறகு மூன்றாம் வாய்ப்பாடு. “சார், அதே நட்சத்திரம், திரும்பிப் போகுது!” என்றாள் அவள். வட்டத்தில் மூன்று ஆணி முன்னால் போவதும் ஏழு ஆணி பின்னால் போவதும் ஒரே இடத்தில்தானே சேரும்.

இப்போது அவளுடைய 54-ஐப் பார்ப்போம். எட்டாவது தாவலில் நூல் நிற்பது 6-இல். ஆக 54 தப்பு என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் 46-உம் 6-இல்தான் முடிகிறது. பத்தாம் இடத்தைப் பற்றி நூலுக்கு ஒன்றும் தெரியாது. பத்தாம் இடத்தைப் பிடிக்க, பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஐயேழு முப்பத்தைந்து அவளுக்குத் தெரியும். அங்கிருந்து மூன்று தாவல்: 42, 49, 56.

தாண்டி எண்ணுவதிலும் ஒரு குழி உண்டு. சில பிள்ளைகள் கிளம்பும் பூஜ்யத்தையே முதல் தாவலாக எண்ணிவிடுவார்கள். 56-க்குப் பதில் 49 வரும். விடை எப்போதும் சரியாக ஒரு ஏழு குறைந்தே வந்தால், பிள்ளைக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை, எண்ணத் தொடங்கிய இடம்தான் தப்பு.

விளையாட்டுக்கு, வட்டமாக உட்கார்ந்து 1, 2, 3 என்று சொல்லிக்கொண்டே போய், ஏழின் மடங்கு வந்தால் கைதட்டுவது. வெறும் கைதட்டலில் 42 ஏழின் மடங்கு என்று தெரியுமே தவிர, எத்தனையாவது என்று தெரியாது. அதனால் தட்டுகிறவர் “ஆறு” என்றும் சொல்ல வேண்டும் என விதியை மாற்றினோம்.

வீட்டில் பலகை இல்லையென்றால் தாளில் வட்டம் போதும். நான்காம் வாய்ப்பாட்டையும் ஆறாம் வாய்ப்பாட்டையும் ஓட்டிப் பாருங்கள். எந்த ஆணிகளில் நூல் படவே இல்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.